பெயிண்டிங்குக்கு விலை: சதுர இன்ச்சா, மணிக்கணக்கா, பழைய பில்லா?

"கவின்கலைக் கல்லூரியில் முடித்து நான்கு வருடம் ஆகிறது. அக்ரிலிக்கும் வாட்டர்கலரும் செய்கிறேன். இதுவரை எட்டு ஒன்பது படம் விற்றிருக்கிறேன், ஒவ்வொன்றும் ஒவ்வொரு விலைக்கு. இப்போது சென்னையில் ஒரு கேலரி குரூப் ஷோவுக்குக் கூப்பிட்டு விலைப்பட்டியல் கேட்கிறது. கமிஷன் 40 சதவீதம். சதுர இன்ச்சுக்கு இவ்வளவு என்று போடுவதா, செலவான மணிக்கா? பேப்பருக்கும் கேன்வாஸுக்கும் ஒரே விலையா? பழைய விலைகளை என்ன செய்வது?"

நீங்கள் கடைசியாகக் கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்களிடம் இருக்கும் ஒரே கெட்டியான தகவல் அந்த எட்டு ஒன்பது விற்பனைதான். அளவு, மீடியம், மணி எல்லாம் அதை ஒழுங்குபடுத்த உதவும் கருவிகள். ஒரு படம்கூட விற்காதவருக்கு வேறு மாதிரி பதில் சொல்லியிருப்பேன்.

ஒரு நோட்டை எடுத்து விற்ற படம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுங்கள். என்ன அளவு, கேன்வாஸா பேப்பரா, எந்த மாதம், எவ்வளவு சொன்னீர்கள், கையில் எவ்வளவு வந்தது, வாங்கியவர் யார். முதல் மூன்றும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அடுத்த மூன்றில்தான் கோட்டை விடுவோம். பத்தாயிரம் என்று ஒட்டி எட்டாயிரத்துக்குக் கொடுத்த படம், இரண்டு வருடம் கழித்து மனசுக்குள் பத்தாயிரத்துக்கு விற்ற படமாக மாறியிருக்கும். வங்கி ஸ்டேட்மெண்ட், ஜிபே வரலாறு பார்த்து எழுதுங்கள்.

போன வருடம் பெரம்பூரிலிருந்து ஒரு பெண் இதே கேள்வியோடு வந்தார். உங்கள் நிலைமைதான் கிட்டத்தட்ட. அவருக்குப் போட்ட கணக்கையே இங்கே விரிக்கிறேன், உங்கள் எண்களை அதில் பொருத்திக்கொள்ளுங்கள்.

அவர் நோட்டில் ஒன்பது வரி இருந்தது. முதல் வேலையாக இரண்டை அடித்தோம். 36×48 இன்ச் கேன்வாஸ் ஒன்றை 45,000 ரூபாய்க்கு வாங்கியவர் அவருடைய தாய்மாமா. புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வாங்கியது. அது பாசத்துக்கு வந்த விலை. இன்னொன்று 30×40, கல்லூரித் தோழிக்கு 12,000. அது நட்புக்கு விட்டுக்கொடுத்த விலை. ஒன்று மேலே இழுக்கிறது, மற்றது கீழே இழுக்கிறது. இரண்டும் சந்தையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. உங்கள் பெயர் தெரியாமல் முதலில் படத்தைப் பார்த்து, பிறகு பையில் கை விட்டவர் கொடுத்த தொகைதான் கணக்கில் சேரும். (யாராவது போட்டோ கொடுத்து அம்மா அப்பா முகத்தை வரையச் சொல்லியிருந்தால் அதையும் தனியே வையுங்கள். அது ஆர்டர் வேலை, அதன் கூலி வேறு.)

மீதி ஏழில் ஆறு கேன்வாஸ், ஒன்று வாட்டர்கலர். கேன்வாஸ் ஆறும் மூன்று அளவுகளில் இரண்டிரண்டாக இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். 12×12 இரண்டு, ஒன்று 3,500-க்கும் மற்றது 4,000-க்கும் போயிருந்தன. 18×24 இரண்டு, 8,000 மற்றும் 9,000. 24×36 இரண்டு, 16,000 மற்றும் 18,000. ஒவ்வொரு ஜோடியிலும் பெரிய தொகைதான் பிந்தியது. அவர் ஒன்றும் திட்டம் போட்டு விலை வைக்கவில்லை, வாய்க்கு வந்ததைச் சொன்னேன் என்றார். ஆனால் நோட்டில் ஒரு ஒழுங்கு தெரிந்தது.

கடைசியாக விற்ற மூன்றை மட்டும் எடுத்துச் சதுர இன்ச்சால் வகுத்துப் பாருங்கள். 12×12 என்றால் 144 சதுர இன்ச். 4,000-ஐ வகுத்தால் சதுர இன்ச்சுக்கு ஏறக்குறைய 28 ரூபாய். 18×24-க்கும் 24×36-க்கும் ஏறக்குறைய 21 வருகிறது. அதாவது சின்னப் படத்துக்கு இன்ச் விலை கூடுதல். நம் ஊரில் பலர் ஒரே சதுர இன்ச் ரேட்டை எல்லா அளவுக்கும் போட்டு மாட்டிக்கொள்வது இங்கேதான். ஒரு பக்கத்தை இரண்டு மடங்காக்கி, இன்னொரு பக்கத்தையும் இரண்டு மடங்காக்கினால் பரப்பு நான்கு மடங்காகிவிடும். விலையும் நான்கு மடங்கு தாவும். வாங்குபவர் மனசு அப்படித் தாவாது. சின்னதிலும் அதே கை, அதே கையெழுத்து. பெரியதை அவர் வாங்க வேண்டுமென்றால் ஃபிளாட்டில் சுவர் வேண்டும், லிஃப்டில் நுழைய வேண்டும், கொண்டுபோக ஒரு குட்டியானை வண்டி பிடிக்க வேண்டும். அதனால் பெரிய படத்துக்கு வாங்குபவர் எண்ணிக்கையே சுருங்கிவிடும்.

இதற்கு மாற்றாகச் சிலர் சொல்வது நீள இன்ச் முறை. அகலத்தையும் உயரத்தையும் பெருக்காமல் கூட்டி, அதற்கு ஒரு ரேட் வைப்பது. 24×36 என்றால் 60 இன்ச். 18,000-ஐ வகுத்தால் இன்ச்சுக்கு 300 ரூபாய். இதே 300-ஐ 12×12-க்குப் போட்டால் 7,200 வருகிறது, அவர் அதை விற்றதோ 4,000-க்கு. ஆக இந்த முறை சின்னப் படத்தை அநியாயத்துக்கு ஏற்றிவிடுகிறது, பெரியதை இறக்கிவிடுகிறது. சதுர இன்ச் முறை நேர் எதிர்த் தவறைச் செய்கிறது. உண்மையில் ஜனங்கள் கொடுத்த பணம் இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

அதனால் நான் செய்வது கொஞ்சம் நாட்டுத்தனமான வேலை: இரண்டு முறையிலும் கணக்குப் போட்டு நடுவை எடுப்பேன். விற்றுப் பழகிய அளவு ஒன்றை நங்கூரமாக வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பெண்ணுக்கு அது 24×36. அதன் கடைசி விலை 18,000. இதை வைத்து 36×48 என்ன ஆகும் என்று பார்த்தோம். பரப்பு சரியாக இரண்டு மடங்கு, எனவே சதுர இன்ச் முறையில் 36,000. நீள இன்ச் முறையில் 84 இன்ச்சுக்கு 300 வீதம் 25,200. நடு 30,600. இதே மாதிரி 18×24-க்கு 10,800-உம், 12×12-க்கு 5,100-உம் வந்தது. மாமா கொடுத்த 45,000 எவ்வளவு பாசமான தொகை என்று அப்போதுதான் தெரிந்தது.

இதோடு நின்றிருந்தால் வேலை சுலபம். ஆனால் இந்த விலைகளெல்லாம் அவர் நேரடியாக விற்றபோது வந்தவை, முழுப் பணமும் அவர் கைக்கு. கேலரியில் 40 சதவீதம் போய்விடும். 18,000-க்கு விற்றால் கைக்கு 10,800.

இங்கே எல்லோருக்கும் வரும் முதல் யோசனை, கேலரிக்கு 30,000 என்று போட்டு, வீட்டில் வந்து கேட்பவருக்கு 18,000-க்கே கொடுக்கலாம் என்பது. இரண்டிலும் நமக்கு 18,000 வருகிறதே என்று தோன்றும். தயவுசெய்து செய்யாதீர்கள். நான் செய்தேன். இருபது வருடம் முன்பு ஒரு கேலரியில் ஒரு வரிசைப் படங்களை வைத்திருந்தேன். அதே வரிசையில் ஒன்றை வீட்டுக்கு வந்த ஒருவருக்குக் குறைத்துக் கொடுத்தேன். அவர் கேலரியில் வாங்கியவரின் பக்கத்து வீட்டுக்காரர். சென்னையில் பெயிண்டிங் வாங்குகிற கூட்டம் அவ்வளவு சின்னது, நான்கு பேரில் இரண்டு பேருக்கு ஒருவரையொருவர் தெரியும். கேலரிக்காரர் சண்டை போடவில்லை, மீதிப் படங்களை நியூஸ்பேப்பரில் சுற்றி ஆட்டோவில் திருப்பி அனுப்பினார். அவர் மேல் தப்பில்லை.

ஒரு படத்துக்கு எங்கே விற்றாலும் ஒரே விலை. வீட்டில் விற்றால் அந்த 40 சதவீதம் உங்களுக்கு மிச்சம் என்று நினைக்கத் தோன்றும், முழுக்க அப்படியும் இல்லை. கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாடமியில் வாடகைக்கு ஹால் எடுத்துச் சொந்தமாக ஷோ போட்டவர்களைக் கேளுங்கள். வாடகை, அழைப்பிதழ், வண்டி, திறப்பு விழா டீ பிஸ்கட், ஒரு வாரம் வேலையை விட்டு உட்கார்ந்திருந்தது, இதையெல்லாம் கூட்டினால் அதுவும் ஒரு கமிஷன்தான். விற்காவிட்டாலும் கட்ட வேண்டிய கமிஷன்.

சரி, அப்படியென்றால் 10,800 போதுமா என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் மணிக்கணக்கு. மணியை வைத்து விலை போடக் கூடாது என்பது என் கட்சி. வாங்குபவர் உங்கள் மணிக்குப் பணம் கொடுப்பதில்லை, அது அவருக்குத் தெரியவும் தெரியாது. தவிர, கை தேறத் தேற வேகம் கூடும். மணிக்கு இவ்வளவு என்று போட்டால் தேர்ந்த ஓவியர் கற்றுக்குட்டியைவிடக் குறைவாக வாங்க வேண்டியிருக்கும். ஆனால் போட்ட விலை உங்களைச் சாப்பிடுகிறதா, நீங்கள் அதில் சாப்பிட முடியுமா என்று பரிசோதிக்க மணியைவிட நல்ல கருவி இல்லை.

அந்தப் பெண் மூன்று மாதம் மணி குறித்து வைத்திருந்தார். 24×36 கேன்வாஸ் ஒன்றுக்கு சராசரி 25 மணி. இதில் கேன்வாஸ் இழுத்து அடிப்பது, ஜெஸ்ஸோ பூசித் தேய்ப்பது, வரைவு ஸ்கெட்ச், கடைசியில் போட்டோ எடுப்பது எல்லாம் சேர்த்தி. காய்வதற்குக் காத்திருந்தது சேர்த்தியில்லை. கேன்வாஸ், மரச்சட்டம், பெயிண்ட், வார்னிஷ், வண்டிச் செலவு சேர்ந்து சுமார் 2,500 என்று அவர் பில்களே சொன்னது. 10,800-இல் 2,500 போக 8,300. இருபத்தைந்தால் வகுத்தால் மணிக்கு 332 ரூபாய். அவர் மாலையில் பிள்ளைகளுக்கு டிராயிங் கிளாஸ் எடுக்கிறார், அதில் மணிக்கு 400 கிடைக்கிறது. படம் வரைவதைவிட வரையச் சொல்லிக்கொடுப்பது லாபம் என்று கணக்கு சொல்லியது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியவர்களே பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்றுத்தான் ஓவியம் வரைய நேரம் வாங்கினார்கள். ஆனாலும் எவ்வளவு வித்தியாசம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

முதல் தடவையாக கேலரிக்குள் போவது, விலையை ஒரு படி ஏற்ற நியாயமான தருணம். வாங்குபவர் அதை ஏற்றுக்கொள்வார், காரணம் கண்ணுக்குத் தெரிகிறது. எவ்வளவு ஏற்றலாம்? 18,000-ஐ 22,000 ஆக்கினோம். அறுபது சதவீதம் 13,200. செலவு போக 10,700, மணிக்கு 428. கிளாஸைத் தாண்டியது. இருபது இருபத்தைந்து சதவீதத்துக்கு மேல் ஒரே தாவலாகப் போக எனக்குப் பயம். கடைசியாக வாங்கியவர் ஷோவுக்கு வந்து பட்டியலைப் பார்த்தால் சந்தோஷப்பட வேண்டும். நாம் வாங்கியது ஏறியிருக்கிறது என்று. இரண்டு மடங்காகிவிட்டால் அவர் சந்தோஷப்பட மாட்டார், சந்தேகப்படுவார்.

22,000-ஐப் புது நங்கூரமாக வைத்து மற்ற அளவுகளை மறுபடி நடுக்கணக்குப் போட்டால் 12×12-க்கு 6,200 வந்தது. கடைசியாக அது விற்றதோ 4,000-க்கு. ஐம்பது சதவீதத்துக்கும் மேல் ஏற்றம். சூத்திரம் சொன்னாலும் நோட்டு ஒத்துக்கொள்ளவில்லை. இந்த மாதிரி இடத்தில் நான் எப்போதும் நோட்டின் பக்கம். 5,000 என்று எழுதினோம். 18×24-க்கு 13,200 சொன்னது, 11,500 எழுதினோம். 36×48-க்கு மாமா தவிர வேறு சாட்சி இல்லை. 37,400 வந்ததை 36,000 ஆக்கினோம். கடைசியில் பட்டியலை வைத்துச் சதுர இன்ச் விலையைச் சரிபார்த்தோம். சின்னதிலிருந்து பெரியது வரை 35, 27, 25, 21 என்று படிப்படியாக இறங்கியது. எங்காவது ஒரு அளவு திடீரென்று மேலே குதித்தால் அந்தப் படம் மட்டும் சுவரில் தங்கிவிடும், கவனியுங்கள்.

மணிக்கணக்கு இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது. அவர் மயிலாப்பூர்க் கோபுரத்தைச் சிலை சிலையாக நுணுக்கி வரைந்த ஒரு 24×36 இருந்தது. 70 மணி. மற்ற 24×36-கள் 25 மணி. இதற்கு மூன்று மடங்கு விலை வைக்கலாமா என்று கேட்டார். பக்கத்துப் பக்கத்தில் மாட்டியிருக்கும் ஒரே அளவுப் படங்களில் ஒன்று 22,000, மற்றது 60,000 என்றால் பார்ப்பவருக்குப் புரியாது. கேலரிக்காரரால் விளக்கவும் முடியாது. பத்துப் பதினைந்து சதவீதம் கூட்டலாம், அதுவரை யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் அந்த நுணுக்க வேலையைத் தனி வரிசையாகப் பிரித்து, தனிப் பெயரில், கலக்காமல் காட்ட வேண்டும். அல்லது அதே நுணுக்கத்தை 12×12-இல் செய்ய வேண்டும், அங்கே இன்ச் விலை கூடுதல். அவர் கோபுரத்தை ஷோவுக்கே கொடுக்கவில்லை. வீட்டில் வைத்திருக்கிறார். அதுவும் ஒரு வழி.

இனி பேப்பர். ஒரே விலை வைக்க முடியாது. ஆனால் பேப்பர் மலிவு என்பதால் இல்லை. நல்ல பருத்தித் தாள் மலிவில்லை என்பது உங்களுக்கே தெரியும். வாங்குபவர் பார்ப்பது வேறு. பேப்பர் படத்துக்குக் கண்ணாடி வேண்டும், மவுண்ட் வேண்டும். நம் ஊர்க் கடற்காற்றிலும் ஈரத்திலும் பேப்பரில் பழுப்புப் புள்ளி விழும், பூஞ்சை பிடிக்கும், வெள்ளிப்பூச்சி அரிக்கும். பெசன்ட் நகரில் ஒரு வீட்டுச் சுவரில் பத்து வருடம் மாட்டிய வாட்டர்கலரைப் பார்த்தவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பயம் விலையில் கழிகிறது. அக்ரிலிக்கா எண்ணெயா என்பதில் இவ்வளவு வித்தியாசம் வராது. எண்ணெய் காய மாதங்கள் ஆகும், செலவும் கூடும், ஆனாலும் இளம் ஓவியர் ஒருவரின் அக்ரிலிக்குக்கும் எண்ணெய்க்கும் தனித்தனி விலை வைத்தாலும் கேன்வாஸ் என்றுதான் வாங்குபவர் ஒரே கூடையில் போடுவார். இரண்டும் ஒரே பட்டியலில் இருக்கட்டும்.

அந்தப் பெண்ணின் நோட்டில் 11×15 வாட்டர்கலர் ஒன்று 2,500-க்குப் போயிருந்தது. முழுத் தாளை நான்காகக் கிழித்தால் வரும் அளவு. இதே அளவில் கேன்வாஸ் இருந்தால் 12×12-ஐவிடச் சற்றுப் பெரியது, 5,500 வைத்திருப்போம். ஆக பேப்பர் கேன்வாஸில் பாதிக்குப் பக்கத்தில் நிற்கிறது. கேலரிக்கு 3,000 என்று எழுதினோம். பென், சார்க்கோல் வேலைகள் இதைவிடக் கீழே போகும். இந்த விகிதத்தை உங்கள் சொந்த விற்பனையிலிருந்து எடுங்கள். வாட்டர்கலரில்தான் பெயர் வாங்கியவர் என்றால் முக்கால் பங்குகூட நிற்கும்.

பேப்பரில் காசு ஒழுகுகிற இடம் ஃபிரேம். 3,000 ரூபாய்ப் படத்துக்கு 1,500 ரூபாயில் மவுண்டும் கண்ணாடியும் போட்டு 4,500 என்று எழுதினால், 40 சதவீதம் மொத்தத்தின் மேல் போகும். கைக்கு வருவது 2,700. அதில் ஃபிரேம்காரருக்குக் கொடுத்த 1,500 போனால் மிஞ்சுவது 1,200. ஃபிரேம் இல்லாமல் விற்றிருந்தால் 1,800 வந்திருக்கும். அதாவது ஃபிரேமுக்கும் சேர்த்துக் கேலரிக்குக் கமிஷன் கொடுத்திருக்கிறீர்கள். ஃபிரேம் செலவைக் கழித்துவிட்டு மீதியில் கமிஷன் போடுங்கள் என்று முதலிலேயே மெயிலில் கேளுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். கேட்காதவருக்கு யாரும் தானாகச் செய்ய மாட்டார்கள்.

இன்னொரு கேள்வி உங்களுக்கு ஷோவில் கட்டாயம் வரும்: "இவ்வளவு விலைக்கு இதில் கோல்டு இருக்கா?" சிரிக்காதீர்கள். நம் ஊரில் பல வீடுகளில் முதலில் வாங்கிய ஓவியம் தஞ்சாவூர்ப் படம். அதன் விலை அளவையும் தங்கத் தாளையும் கல் வேலையையும் வைத்து வரும், பொருளுக்கு ஒரு மதிப்பு கைக்குத் தெரியும். அதே தராசோடு வருகிறவரிடம் மணிக்கணக்கையோ பெயிண்ட் டியூப் விலையையோ சொல்லி வாதாடினால் தோற்பீர்கள். "இதே அளவில் போன தடவை இந்த விலைக்குப் போனது சார்" என்பது ஒன்றுதான் அங்கே எடுபடும். அதைச் சொல்ல நோட்டு உண்மையாக இருக்க வேண்டும்.

தள்ளுபடி. "கடைசி விலை சொல்லுங்க" என்று கேட்காத ஆளை நான் பார்த்ததில்லை. கேலரிகள் தெரிந்தவருக்கு பத்து சதவீதம் குறைப்பது வழக்கம். அந்தப் பத்தை யார் தாங்குவது என்று எழுதி வாங்குங்கள். 22,000 ரூபாய்ப் படத்தை 19,800-க்குக் கொடுத்து அதில் 40 சதவீதம் எடுத்தால் உங்களுக்கு 11,880. முழுத் தள்ளுபடியும் உங்கள் தலையில் என்றால் 11,000. பத்துக்கு மேல் குறைக்க உங்களைக் கேட்காமல் முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேரம் பேசுவார்களே என்று முன்கூட்டியே விலையை ஏற்றி வைக்க வேண்டாம். பேரம் பேசாமல் வாங்கிப்போகிற நல்ல மனிதர்தான் அதில் தண்டம் கட்டுவார். நோட்டில் தள்ளுபடி போன விலையைத்தான் எழுத வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

பட்டியலில் ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்று ஒரு வரி போடச் சொல்லுங்கள். கையால் வரைந்த ஓவியங்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 12-இலிருந்து 5 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். பில் போடுவது கேலரி என்றால் அது அவர்கள் பாடு, ஆனால் கமிஷன் வரிக்கு முந்தைய தொகையில் கணக்கிடப்பட வேண்டும்.

ஏலச் செய்திகளைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். மெட்ராஸ் ஓவியர் ஒருவரின் படம் இத்தனை லட்சத்துக்குப் போனது என்று பேப்பரில் வருவது மறுவிற்பனை. அச்சாகிற தொகையில் பெரும்பாலும் வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குக் கட்டும் கூடுதல் சதவீதமும் சேர்ந்திருக்கும். உங்கள் 24×36-க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உங்கள் பக்கத்தில் மாட்டப் போகும் மற்ற நான்கைந்து இளம் ஓவியர்களின் விலைதான் சம்பந்தம். கேலரிக்காரரிடம் அவர்கள் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் எண் அந்தக் கூட்டத்தில் நடுவில் விழுந்தால் சரி. எல்லோரையும்விட மிகக் கீழே விழுந்தால் கேலரிக்காரரே ஏற்றச் சொல்வார். மிக மேலே விழுந்தால் ஏன் என்று சொல்ல உங்கள் நோட்டில் வரி இருக்கிறதா பாருங்கள்.

ஷோ முடிந்த பிறகு விலையை எப்போது ஏற்றுவது? வருடம் பிறந்தது என்பதற்காக ஏற்றாதீர்கள். வைத்த ஐந்தில் குறைந்தது மூன்று தெரியாதவர்களுக்குப் பட்டியல் விலைக்குப் போயிருந்தால் அடுத்த தடவை பத்துப் பதினைந்து சதவீதம் ஏற்றலாம். ஒன்றிரண்டு போனால் அப்படியே இருக்கட்டும். ஒன்றும் போகவில்லை என்றாலும் குறைக்காதீர்கள், ஏனென்றால் பழைய விலைக்கு வாங்கியவர்கள் சுவரில் உங்கள் படம் தொங்குகிறது. குறைந்த விலையில் ஏதாவது வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் அளவைச் சின்னதாக்குங்கள், பேப்பரில் செய்யுங்கள். இன்ச் விலையைத் தொடாதீர்கள்.

பெரம்பூர்ப் பெண்ணின் ஐந்தில் 24×36 ஒன்று பட்டியல் விலைக்கே போனது, வாட்டர்கலர் இரண்டில் ஒன்று போனது. 18×24-உம் 36×48-உம் திரும்பி வந்தன. பெரியதைத் திருப்பிக் கொண்டுவர வண்டிக்கு அவர்தான் கொடுத்தார். அடுத்த பட்டியலிலும் அதே விலைகளைத்தான் எழுதியிருக்கிறார், ஆனால் இந்தத் தடவை 36×48-க்குப் பதில் 24×36 இரண்டு கொடுக்கிறார். மாமாவுக்கு மட்டும் ஒரு சின்ன சங்கடம் இருந்தது. 45,000 கொடுத்த அளவு இப்போது கேலரியில் 36,000. அவருக்குக் கணக்கை விளக்காமல், தீபாவளிக்கு ஒரு வாட்டர்கலரை ஃபிரேம் போட்டுக் கொடுத்துவிட்டார்.